முதல் பக்கத்துச் சருகுமான்

மாத்தளையில் ஒரு கடிதம் சரியாகப் போய்ச் சேர வேண்டுமென்றால் அதை ஜவாஹிர் மாமா பார்த்திருக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. காணிப் பிரச்சினையா, பள்ளிக்கூட அனுமதியா, பக்கத்து வீட்டுப் பலாமரம் கூரையில் சாய்கிறதா, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு வாசகம் தயாராக இருந்தது. அரசாங்கக் கந்தோரில் பிரதம இலிகிதராகக் கோப்பும் கடிதமுமாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் பேனா இல்லாமல் மனிதர் பள்ளிவாசலுக்குக்கூடப் போகமாட்டார். அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. எழுதிய தாளில் ஓர் எழுத்தை மாற்றினாலும் ஓரத்தில் இனிஷல் போட்டுத் திகதி வைக்க வேண்டும். யார் மாற்றியது என்று தெரியாத திருத்தம் திருட்டுக்குச் சமம் என்பார்.

அப்படிப்பட்டவருடைய தங்கை மகள்தான் றிஸ்னா. உயிரியல் பட்டதாரி. பட்டம் வாங்கிய கையோடு ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிப்பாள் என்று வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்திருக்க, அவள் லக்கல பக்கத்தில் காயப்பட்ட காட்டு விலங்குகளைப் பராமரித்து மறுபடி காட்டில் விடுகிற நிலையமொன்றின் விளம்பரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மீட்பு, மறுவாழ்வு உதவியாளர். ஒரே ஓர் இடம். சுயவிபரத்தோடு முகப்புக் கடிதமும் வேண்டும், உங்களை ஏன் எடுக்க வேண்டும் என்று அதில் எழுத வேண்டும்.

"யானை மிதிக்கிற இடத்துக்கா?" என்று உம்மா மஸூதா ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். வாப்பா ஸஹாப்தீன் மிளகு வியாபாரி, விலை கேட்டுத்தான் பழக்கம், விலை சொல்லிப் பழக்கமில்லை. அவர் மகளைப் பார்த்தார், மகள் தீர்மானித்துவிட்டாள் என்று கண்டார், மிளகுச் சாக்கைக் கட்டப் போய்விட்டார். இந்த வேலை கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பது றிஸ்னாவுக்குத் தெரியும். இலையின் குறுக்குவெட்டை வரைந்துகொண்டே அவளுக்கு முடி நரைத்துவிடும். அதனால் அந்தக் கடிதத்தை அவள் மிகவும் கவனமாக, ஆனால் பயமில்லாமல் எழுதினாள். தன்னிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

விஷயம் இதுதான். பலாபத்வலவுக்கு உள்ளே அவர்களுக்கு மிளகும் கொக்கோவும் போட்ட ஒரு தோட்டம் இருக்கிறது. போன வருஷம் புல் வெட்ட வந்தவர்கள் கொக்கோச் சருகுக்குள் ஒரு குட்டியைக் கண்டார்கள். சருகுமான் குட்டி, மீமின்னா என்று அங்கே சொல்வார்கள், ஒரு கைக்குள் அடங்கிவிடும். ஒருவன் தூக்கிவிட்டான். தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது, பாவம், என்று எல்லோரும் உருகினார்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கோப்பையில் பசுப்பாலும் வந்துவிட்டது. றிஸ்னா ஓடிப்போய் அந்தக் குட்டியை எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கச் செய்தாள். தாய் விட்டுவிட்டுப் போகவில்லை, ஒளித்துவைத்துவிட்டு மேயப் போயிருக்கிறது, மனிதக் கை பட்டதால் அது குட்டியைத் தள்ளிவிடப் போவதுமில்லை என்று சொன்னாள். அந்த மூலையில் வேலையை நிறுத்தினாள், நாயைக் கட்டினாள், பால் கோப்பையைத் திருப்பி அனுப்பினாள். பிறகு தூரத்தில் ஒரு பலாமரத்தடியில் அசையாமல் உட்கார்ந்துகொண்டாள். வெட்ட வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் முயல் அளவில் ஒன்று சருகை விலக்கிக்கொண்டு வந்தது. குட்டி எழுந்து அதன் வயிற்றுக்கடியில் போனது. அவ்வளவுதான். அந்த ஒரு மாலையை நினைத்தால் றிஸ்னாவுக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடும்.

இதைத்தான் கடிதத்தின் முதல் பக்கத்தில் எழுதினாள். விலங்குகளைத் தொடாமல் இருக்கத் தெரிந்தவள் நான், தொட வேண்டிய நேரம் எது என்பதையும் கற்றுக்கொள்ள வருகிறேன், என்று முடித்தாள். இரண்டாம் பக்கத்தில் பாடங்கள், ஆய்வு, மூன்று மொழியும் பேசுவேன் என்பது, அதன் கீழே கையொப்பம். இரண்டு பக்கத்தையும் அச்சடித்து, கையொப்பம் வைத்து, ஆங்கிலத்தில் பிழை இருக்கிறதா பாருங்கள் என்று மாமாவிடம் கொடுத்தாள். பிழை இல்லாவிட்டால் தானே பதிவுத் தபாலில் போட்டுவிடுவதாக மாமா சொன்னார். மின்னஞ்சலில் அனுப்பலாம்தானே என்று அவள் கேட்டதற்கு, மின்னஞ்சல் என்பது ஆற்றில் போட்ட உப்பு என்று பதில் வந்தது.

நாலைந்து நாள் கழித்து அவள் சுயவிபரத்தில் ஒரு பிரதி எடுக்க பஸ்லியின் கடைக்குப் போனாள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோகொப்பியும் தட்டச்சும் செய்கிற சின்னக் கடை அது. மாமாவின் கடிதங்களெல்லாம் அங்கேதான் பிறக்கும். பஸ்லி அவளைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டான்.

"தங்கச்சி, அந்த மான்குட்டி விஷயத்தை டைப் பண்றப்ப எனக்கே கண் கலங்கிட்டு. மடியில படுத்து தூங்கின இடம் இருக்கே."

எந்த மடி என்று றிஸ்னா கேட்டாள். அவன் கணினியில் கோப்பைத் திறந்து காட்டினான். அவள் வாசித்தாள்.

மாமா முதல் பக்கத்தை முழுவதும் மாற்றியிருந்தார். தாயால் கைவிடப்பட்ட குட்டியை அவள் தன் கையால் காப்பாற்றி, பசுப்பால் புகட்டி, போர்வையில் சுற்றி, மடியில் போட்டு வளர்த்தாளாம். அது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வருமாம். இன்றும் தோட்டத்தில் அவள் பின்னாலேயே சுற்றித் திரிகிறதாம். அழகான ஆங்கிலம். அந்த ஆங்கிலத்தைத் தபால்காரன் நிலையத்தில் கொடுத்து இரண்டு நாளாகியிருக்கும். இரண்டாம் பக்கத்தில் அவளுடைய கையொப்பம் அப்படியே இருந்தது. முதல் பக்கம் போனால் போகட்டும் என்று விட முடியாது, அந்தப் பக்கத்தை வாசிக்கிற எவரும் இவளைக் கிட்டவும் சேர்க்கமாட்டார்கள். பசுப்பால் வயிற்றைக் கெடுத்து அந்தக் குட்டியைக் கொன்றுவிடும். பெயர் சொன்னால் வருகிற மான் காட்டுக்கு உதவாது, முதல் நாயிடமே போய் நிற்கும். போதாக்குறைக்கு, அனுமதியில்லாமல் காட்டு விலங்கை வீட்டில் வைத்திருப்பது குற்றம். வேலை கேட்டு எழுதிய கடிதத்தில் வழக்குக்கு வேண்டிய வாக்குமூலத்தையும் மாமா சேர்த்து அனுப்பியிருந்தார்.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேரே மாமா வீட்டுக்குப் போனாள். மாமா பத்திரிகையை மடித்துவைத்து, வாங்க மகள் என்று கூப்பிட்டு, தேநீர் ஊற்றச் சொன்னார். அவர் முகத்தில் குற்றத்தின் சாயலே இல்லை.

"நீங்க எழுதினதுல நீங்க ஒண்ணுமே செய்யலையே மகள். மரத்தடியில சும்மா உட்கார்ந்திருந்தேன்னு எழுதினா யாரு வேலை தருவாங்க?"

கந்தோரில் சும்மா உட்கார்ந்திருந்தே ஓய்வூதியம் வரைக்கும் போனவர்களை மாமா நிறையவே பார்த்திருப்பார். ஆனால் அவர்கள் யாரும் அதை விண்ணப்பத்தில் எழுதவில்லை என்பதும் உண்மைதான்.

"திருத்தினா இனிஷல் போடணும்னு சொல்ற ஆள் நீங்கதானே மாமா?" என்றாள் றிஸ்னா.

மாமா மடித்த பத்திரிகையை மறுபடி விரித்தார். தேநீர் வந்தது, அவள் குடிக்காமல் எழுந்தாள். வாசலில் நின்று, நாளைக்கு நானே போய் என்னுடைய முதல் பக்கத்தைக் கொடுத்துவிட்டு வருகிறேன், விண்ணப்பம் முடிகிற நாள் இன்னும் வரவில்லை என்று சொன்னாள். அதைச் சொன்னதும் கோபம் பாதி இறங்கிவிட்டது. செய்ய ஒரு காரியம் இருந்தால் அவளுக்கு எப்போதும் அப்படித்தான்.

மறுநாள் காலை ரத்தொட்டைப் பக்கமாக மலையேறிப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பையில் தண்ணீர்ப் போத்தல், உம்மா கட்டிக்கொடுத்த ரொட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் தன்னுடைய முதல் பக்கம். பனிக்குள் ஏறிய பஸ், அந்தப் பக்கம் வெயிலுக்குள் இறங்கியது. இறங்கிய சந்தியில் கடைக்காரர் வழி காட்டினார். நாலு மணிக்குத் திரும்பும் பஸ் ஒன்று உண்டு, அதை விட்டால் விடியுமட்டும் இல்லை, பொழுதுபட்ட பிறகு அந்தப் பாதையில் நடக்கவேண்டாம், ஆனை இறங்குது என்று சிங்களத்தில் சொல்லி அனுப்பினார்.

நிலையத்தின் கேற்றில் மூன்று மொழியிலும் ஓர் அறிவித்தல் தொங்கியது. இன்று கூண்டு திறந்திருக்கிறது. கூப்பிடவேண்டாம், தட்டவேண்டாம், இங்கேயே காத்திருங்கள், ஆள் வருவார். தொலைபேசி எண்ணும் இருந்தது, ஆனால் அவளுடைய போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

அவள் கேற்றுக்குப் பக்கத்திலிருந்த பாலைமர நிழலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் எந்தக் கூண்டு என்று விளங்கியது. வேலிக்கு அப்பால், சரிவில், வலையடித்த உயரமான கூண்டொன்று. அதன் கதவு காட்டுப் பக்கமாகத் திறந்திருந்தது. உள்ளே கொம்பின்மேல் ஒரு பாம்புக் கழுகு. சிறகு முறிந்து வந்திருக்க வேண்டும், ஆறியபின் அதைக் கையால் தூக்கி வானத்தில் எறியாமல், அதுவாகவே போகட்டும் என்று கதவைத் திறந்துவைத்திருக்கிறார்கள். அது கதவு விளிம்புக்கு வந்தது. வெளியே பார்த்தது. திரும்பி உள்ளே போய்விட்டது.

றிஸ்னா ரொட்டியை எடுக்கவில்லை, பை சரசரக்கும். செவ்வெறும்பொன்று கணுக்காலில் ஏறிக் கடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். வெயில் மரத்தைச் சுற்றி நகர, நிழலும் அவளை விட்டு நகர்ந்தது. நாலு மணி பஸ்ஸைப் பற்றி ஒரு தரம் நினைத்தாள். எழுந்துபோய் கேற்றைத் தட்டினால் வேலை சுலபமாக முடியும். ஆனால் பலாமரத்தடியில் உட்கார்ந்தவள் பாலைமரத்தடியில் எழும்பினால் தன் கடிதமும் பொய்யாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. கழுகு மறுபடி விளிம்புக்கு வந்தது. இந்த முறை தலையைச் சாய்த்துக் காட்டையே பார்த்தது. பிறகு விரித்தது சிறகை. அவள் தலைக்கு மேலாகத் தாழ்வாக வந்து, வலப்பக்கம் சாய்ந்து, மலைச்சரிவுக் காட்டுக்குள் போனது. அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

கூண்டுக்கு எதிரே இலைபோட்டு மறைத்த குடிலிலிருந்து ஓர் இளைஞன் தொலைநோக்கியோடு வெளியே வந்து கேற்றைத் திறந்தான். ரொமேஷ், அங்கே பராமரிப்பாளன். காலையிலிருந்து கழுகையும் பார்த்தேன், உங்களையும் பார்த்தேன், எறும்பு கடிச்சும் எழும்பலை நீங்க, என்று சிரித்தான்.

நிலையத்தை நடத்துகிற மிருக வைத்தியர் ஷெரோமி, நாற்பது வயதிருக்கும், கையைக் கழுவிக்கொண்டே அவளைப் பார்த்தார். பெயரைக் கேட்டதும் அவருடைய புருவம் உயர்ந்தது. மேசையில் இரண்டு கட்டுக் கடிதங்கள் இருந்தன. தடித்த கட்டின் மேலேயே அவளுடையது கிடந்தது. அது வேண்டாமென்று ஒதுக்கிய கட்டா என்று கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

றிஸ்னா உட்காருமுன்பே சொல்லிவிட்டாள். அந்த முதல் பக்கம் தான் எழுதியதல்ல, நல்லெண்ணத்தில் வீட்டில் ஒருவர் மாற்றிவிட்டார், தன்னுடைய பக்கம் இது. யார் அந்த ஒருவர் என்பதை அவள் சொல்லவில்லை. ஷெரோமி புதிய பக்கத்தை வாங்கி, அவசரப்படாமல் இரண்டு முறை வாசித்தார். பிறகு அவர் கேட்டது சருகுமானைப் பற்றியல்ல.

"இங்க மருந்து குடுத்தா குடுத்த ஆள் கையெழுத்து வைக்கணும். என்ன மருந்து, எவ்வளவுன்னு பார்க்காம வச்சா ஒரு உயிர் போயிடும். நீங்க போகப் போற கடிதத்தைத் திரும்பப் பார்க்காமலே விட்டிருக்கீங்க."

இது அவள் எதிர்பாராத இடத்தில் விழுந்த அடி. மாமாமேல் இருந்த கோபத்தில் தன் பிழையை அவள் யோசிக்கவே இல்லை. இருந்தாலும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"அது என் பிழைதான் டொக்டர். கையெழுத்து வச்ச தாளைக் கையை விட்டு விட்டேன். நேத்துத் தெரிஞ்சது, இன்னைக்கு வந்துட்டேன். மருந்துன்னாலும் அப்படித்தான் வருவேன், பிழைன்னு தெரிஞ்ச உடனே வந்து சொல்லுவேன், மறைக்க மாட்டேன்."

ஷெரோமி அந்தப் பக்கத்தை மேசையில் வைத்தார். பிறகு, அன்றைக்குத் தாய் வராமலே போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டார். விடியும்வரை பார்த்துவிட்டு, வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்திருப்பேன் என்றாள் றிஸ்னா. அவர்கள் வரும்வரை காற்றோட்டமுள்ள இருட்டுப் பெட்டி, உடம்பு குளிர்ந்திருந்தால் முதலில் இதமான சூடு, வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது, மூச்சுக்குழாயில் போனால் அத்தோடு சரி. யாரும் எட்டிப் பார்க்கவோ தடவவோ விடமாட்டேன். விசர்நாய்த் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார் ஷெரோமி. இல்லை, நாளைக்கே தொடங்குவேன் என்றாள்.

"தொடங்குங்க. அதை முடிக்காம ஒரு கூண்டுக்கும் கிட்ட விட மாட்டேன். மூணு மாசம் பார்ப்போம்."

எழுந்து நின்ற ஷெரோமி பழைய முதல் பக்கத்தை எடுத்துக் காட்டினார். இதைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தொண்டு செய்ய வருகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறோம், செய்யக்கூடாதது எல்லாம் இவ்வளவு அழகாக ஒரே தாளில் இதுவரை கிடைத்ததில்லை. பெயரை வெட்டிவிட்டால் சம்மதம் என்றாள் றிஸ்னா. நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க ரொமேஷ் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டான்.

மூன்று மாதம் கழிந்து இடம் நிரந்தரமானது. அதைச் சொல்லத்தான் மாமா வீட்டுக்குப் போனாள். இடையில் இருவரும் ஸலாம் சொல்லிக்கொண்டதோடு சரி. மாமா சந்தோஷப்பட்டார், தன்னுடைய ஆங்கிலத்துக்கும் அதில் பங்கு உண்டென்று நினைக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. அவள் திருத்தவில்லை. ஊர்க்காரர்களுக்கு நிலையத்தைத் திறந்து காட்டுகிற நாள் ஒன்று வருகிறது, வாங்க மாமா, என்று மட்டும் சொன்னாள்.

மாமா வந்தார், வெள்ளைச் சட்டையும் தொப்பியும் பையில் பேனாவுமாக. வகுப்புக் கொட்டகைச் சுவரில் அவருடைய தாள் பெரிதாகப் பிரதியெடுத்து ஒட்டப்பட்டிருந்தது. மேலே மூன்று மொழியில், இதில் என்னென்ன பிழை என்று கண்டுபிடியுங்கள். பக்கத்தில் நூலில் கட்டிய ஒரு பேனா. பசுப்பால், போர்வை, மடி, பெயர் என்று ஒவ்வொன்றின் கீழும் யார் யாரோ கோடு போட்டிருந்தார்கள். தூரத்தில் ஒரு பிள்ளைக்குக் கூண்டைக் காட்டிக்கொண்டிருந்த றிஸ்னா மாமா அங்கே நிற்பதைக் கண்டு பதறி ஓடிவந்தாள். அந்தத் தாளை அன்றைக்கு மட்டும் கழற்ற வேண்டுமென்று நினைத்திருந்தவள் வேலை மும்முரத்தில் மறந்துவிட்டாள்.

மாமா கடைசி வரிவரைக்கும் வாசித்து முடித்திருந்தார். கோபப்படவில்லை.

"பசுப்பால் குடுத்தா சாகுமா மகள்?"

"ஓ மாமா. அநேகமா சாகும்."

அவர் தலையை ஆட்டினார். சின்ன வயதில் கூட்டிலிருந்து விழுந்த அணில் குஞ்சொன்று தன்னிடம் இருந்ததென்று சொன்னார். போர்வையில் சுற்றினாராம். பஞ்சில் நனைத்துப் பசுப்பால் கொடுத்தாராம். ராத்திரி மடியில் வைத்துத் தூங்காமல் இருந்தாராம். அதற்கு ஒரு பெயரும் வைத்தாராம், அந்தப் பெயரை மட்டும் சொல்லவில்லை.

"கூப்பிட்டா வருமா மாமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எழும்பவே இல்லையே" என்றார் மாமா. "என்ன பிழை விட்டேன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

றிஸ்னா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் மெல்ல விடுவித்து, நூலில் தொங்கிய பேனாவைத் தொடாமல், பையிலிருந்த தன் சொந்தப் பேனாவை எடுத்தார். கடைசிப் பந்தியில், இன்றும் உயிரோடு என் பின்னால் திரிகிறது என்ற வரியை ஒரே நேர்கோட்டில் வெட்டினார். அதன் மேல், இறந்துவிட்டது, என்று அவருடைய அச்சுப்போன்ற எழுத்தில் எழுதினார்.

பிறகு ஓரத்தில் இனிஷல் போட்டு, திகதியும் வைத்தார்.